137 வாழ்த்துகள்... ஒரே நன்றியா?

போன வருடம் ஆவணியில் எனக்கு ஐம்பது வயது முடிந்தது. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கே போன் சிணுங்க ஆரம்பித்துவிட்டது. காலையில் கோயில், வீட்டில் சர்க்கரைப் பொங்கல், அப்புறம் வழக்கம்போல அலுவலகம், சாயங்காலம் பெண் வாங்கி வந்த கேக் என்று நாள் ஓடியதில் போனை எடுத்துப் பார்க்கவே முடியவில்லை. இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து எண்ணினால் தனித்தனியாக வந்த வாழ்த்துகள் மட்டும் 137. குரூப்களில் வந்தவை வேறு.

'இதுக்கெல்லாம் எப்ப பதில் போடறது?' என்று மலைத்துவிட்டு, அழகாக ஒரு நன்றியை எழுதினேன். 'உங்கள் அன்பான வாழ்த்துக்கு என் மனமார்ந்த நன்றி. உங்கள் வாழ்த்து இந்த நாளை மேலும் இனிமையாக்கியது.' அதைக் காப்பி செய்து ஒவ்வொருவருக்காக ஒட்டிக்கொண்டே போனேன். இருபத்தைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. 'ஒருத்தரையும் விடாம பதில் போட்டுட்டேன்' என்று கணவரிடம் பெருமையடித்துவிட்டுத் தூங்கப் போனேன்.

பதினைந்து நாள் கழித்து ஒரு கல்யாணத்தில் பள்ளித் தோழியைப் பார்த்தேன். மெலிந்திருந்தாள். "அம்மா எப்படிடீ இருக்காங்க?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அம்மா போய் மூணு மாசம் ஆச்சுடீ. உன் பர்த்டே அன்னிக்கு எழுதியிருந்தேனே" என்றாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. அங்கேயே ஓரமாகப் போய் போனைத் திறந்து பார்த்தேன்.

அவள் எழுதியிருந்தது இதுதான்: 'ஹேப்பி பர்த்டே டீ. ஜூன்ல அம்மா போயிட்டாங்க. யார்கிட்டயும் சொல்ல மனசு வரல. இருந்திருந்தா இன்னிக்கு உனக்கு டிபன் பாக்ஸ்ல கேசரி போட்டுக் குடுத்திருப்பாங்க.'

அதற்குக் கீழே என் பதில்: 'உங்கள் வாழ்த்து இந்த நாளை மேலும் இனிமையாக்கியது.'

மன்னிப்புக் கேட்டேன். "நீ படிக்கலைன்னு அப்பவே தெரிஞ்சுதுடீ. என்னை 'உங்கள்'னு போட்டிருந்தியே... பரவாயில்ல விடு" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒட்டியது எப்படித் தெரிகிறது?

அன்று இரவு அந்த 137-ஐயும் ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். பூங்கொத்து, கேக், சாமி படம் என்று வெறும் படமாக வந்தவை 61. 'ஹேப்பி பர்த்டே' என்ற ஒரு வரியோடு நின்றவை 48. மீதி 28 பேர் உட்கார்ந்து எழுதியிருந்தார்கள். ஒருவர் பழைய சம்பவம் ஒன்றைச் சொல்லியிருந்தார், ஒருவர் தன் ஆபரேஷன் தேதியைச் சொல்லியிருந்தார், ஒருவர் கேள்வி கேட்டிருந்தார். அத்தனை பேருக்கும் நான் அனுப்பியது அதே இரண்டு வரி.

நாம் ஒட்டுவது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறோம். அது தெரிந்துவிடுகிற இடங்கள் உண்டு. முதலாவது, நம் பேச்சு. தினமும் 'டீ' போட்டுப் பேசுகிறவளுக்கு 'உங்கள்' என்று போனால், அது அவளுக்காக எழுதியதில்லை என்று முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். நேரில் 'மனமார்ந்த நன்றி' என்று ஒருநாளும் பேசாதவள் எழுத்தில் மட்டும் அப்படிப் பேசினால் எதிரில் இருப்பவருக்கு ஒட்டாது.

இரண்டாவது, வாட்ஸ்அப்பில் போன வருடப் பேச்சும் அப்படியே இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை வாழ்த்து மட்டும் அனுப்பிக்கொள்கிற உறவு என்றால், கொஞ்சம் மேலே தள்ளினால் போன வருடத்து நன்றி அதே வார்த்தைகளோடு நிற்கும். எனக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணாவுக்கும் இடையில் மூன்று வருடத்து ஒரே நன்றி வரிசையாக இருந்ததைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

மூன்றாவது ஃபேஸ்புக். அங்கே ஒவ்வொரு வாழ்த்துக்குக் கீழேயும் நாம் போடுகிற பதில், வாழ்த்தியவர் மட்டுமல்ல, எல்லோர் கண்ணிலும் படும். ஒரே வரி நாற்பது தடவை வரிசையாக இருந்தால், நாற்பதாவது ஆளுக்கு அந்த நன்றியில் என்ன மிச்சம் இருக்கும்?

'அப்படின்னா நாலைஞ்சு விதமா எழுதி வெச்சுக்கிட்டு மாத்தி மாத்தி ஒட்டலாமே' என்று தோன்றும். தீபாவளி வாழ்த்துக்கு அதையும் செய்து பார்த்தேன். என் நாத்தனார்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்த தெருவில் இருப்பவர்கள். சாயங்காலம் இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். "அவளுக்கு 'உங்க அன்புக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல'ன்னு போட்டிருக்க. எனக்கு வெறும் 'ரொம்ப நன்றி அண்ணி' தானா?" என்று பெரியவர் கேட்டார். அது எண் வரிசையில் விழுந்த பதில் என்று எப்படிச் சொல்வது? அதே அன்று 'நன்றி அத்தை' என்பது என் மேலதிகாரிக்குப் போனது தனிக் கதை.

முதலில் படிப்பு, அப்புறம் பதில்

இந்த வருடம் பிறந்தநாள் வந்தபோது ஒரே ஒரு விஷயத்தை மாற்றினேன். படிப்பதையும் பதில் போடுவதையும் தனித்தனி வேலையாக்கினேன். படித்த கையோடு பதில் போட்டுக்கொண்டே போனால், பத்தாவது ஆளுக்குப் பிறகு கை தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. கண் 'ஹேப்பி பர்த்டே'யைத் தாண்டி அடுத்த வரிக்குப் போவதே இல்லை. என் தோழி விஷயத்தில் நடந்ததும் அதுதான்.

அதனால் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கடைசி வரி வரை படித்தேன், பதில் போடவில்லை. யாராவது கொஞ்சம் எழுதியிருந்தால் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து நட்சத்திரக் குறி போட்டேன். பிறகு நட்சத்திரம் போட்டவை எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். இந்த வருடம் அப்படி 26 இருந்தன. இதில் ஒன்று கவனிக்க வேண்டும். நாம் திறந்து படித்ததும் அவர்களுக்கு நீல டிக் விழுந்துவிடும். Mark as unread என்று போட்டுவைத்தாலும் அது நம் ஞாபகத்துக்குத்தான், அவர்கள் பக்கத்தில் நீலம் நீலம்தான். பிறந்தநாளன்று உடனே பதில் வரவில்லை என்று யாரும் வருத்தப்படுவதில்லை, அதனால் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

படத்துக்குச் சின்ன நன்றி போதும்

படம் மட்டும் அனுப்பியவர்களுக்கும் ஒரு வரி அனுப்பியவர்களுக்கும் என்ன செய்வது? அவர்கள் கொடுத்த அளவுக்கே திருப்பிக் கொடுக்கலாம். 'நன்றி சித்தப்பா', 'தேங்க்ஸ் அக்கா', 'நன்றி சார்.' அவ்வளவுதான். கையால் அடித்தால் ஐந்து விநாடி. முறை சொல்லி அழைக்கிற அந்த ஒரு சொல் போதும், அது அவருக்காக அடித்தது என்று தெரிந்துவிடும். வார்த்தை குறைந்ததால் யாருக்கும் மனத்தாங்கல் வந்து நான் பார்த்ததில்லை. வெறும் படத்துக்கு 'தங்கள் பேரன்பில் நெகிழ்ந்தேன்' என்று பதில் போனால்தான் அது எங்கிருந்தோ எடுத்து ஒட்டியதாகத் தெரிகிறது.

குரூப்புக்கு வேறு கணக்கு. அங்கே ஒவ்வொருவருக்காக நன்றி சொல்லிக்கொண்டே போனால் மற்றவர்களுக்குத் தொல்லை. வாழ்த்து ஓய்ந்ததும், இரவிலோ மறுநாள் காலையிலோ, எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு செய்தி போடலாம். ஆனால் அதில் அன்று நடந்த ஏதாவது ஒன்று இருக்கட்டும். இந்த வருடம் எங்கள் குடும்ப குரூப்பில் நான் எழுதியது: 'எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கோயில்ல அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டாங்க, ஐம்பத்தோரு வருஷமா சொல்ற நட்சத்திரம் டக்குனு வாயில வரல. பக்கத்துல நின்ன இவர்தான் சொன்னார்.' நூறு மலர்க்கொத்தை விட அதற்குத்தான் சிரிப்பு அதிகம் வந்தது. போன வருடத்துச் செய்தியை எடுத்து இந்த வருடம் போட முடியாதபடி அன்றைய நாள் அதற்குள் இருந்தது.

குரூப் நன்றியில் பெயர்களை வரிசையாகப் போடாதீர்கள். இருபது பேரைச் சொல்லி ஒருவரை விட்டால் அந்த ஒருவர்தான் ஞாபகம் வைத்திருப்பார். யாராவது குரூப்பிலேயே மனசைத் தொடுகிற மாதிரி எழுதியிருந்தால், அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து மூன்று புள்ளியைத் தொட்டால் Reply privately என்று இருக்கும். அதில் அவருக்கு மட்டும் தனியாக எழுதலாம். அவர் எழுதியதும் மேலேயே தெரியும், எதற்கான நன்றி என்று விளக்க வேண்டியதில்லை.

எழுதியவர்களுக்கு எழுதுவது

இனி அந்த 26 பேர். இவர்களுக்கு நான் கண்டுபிடித்த வழி எளிது. அவர்கள் எழுதியதிலிருந்து ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். ஒரு ஊர், ஒரு பலகாரம், ஒரு ஆள், ஒரு சம்பவம், எதுவாகவும் இருக்கலாம். அதைப் பற்றி என் பக்கத்திலிருந்து ஒரு வரி சேர்க்கிறேன். அதோடு நிறுத்திவிடுகிறேன்.

மதுரையில் இருக்கும் அத்தை எழுதியிருந்தார்: 'தீர்க்க சுமங்கலியா இரும்மா. உன்னைத் தொட்டில்ல போட்ட அன்னிக்கு மழை கொட்டுச்சு.' போன வருடம் என்றால் மனமார்ந்த நன்றி போயிருக்கும். இந்த வருடம் எழுதினேன்: 'நமஸ்காரம் அத்தை. இன்னிக்கும் காலையில நல்ல மழை. நீங்க சொன்ன அந்த மழைதான் ஐம்பத்தோரு வருஷமா என்னோட வருது போல.' இதில் நன்றி என்ற சொல்லே இல்லை. ஆசீர்வாதம் பண்ணுகிற பெரியவர்களுக்கு நமஸ்காரம்தான் சரியான பதில். அவர்களுக்கு 'தேங்க்யூ' சொன்னால் கடைக்காரருக்குச் சில்லறை கொடுத்த மாதிரி இருக்கும்.

எதிர்வீட்டில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, மகனோடு பெங்களூருக்குப் போய்விட்ட அம்மா எழுதியிருந்தார்: 'நல்லா இரும்மா. இங்க யார் வீட்லயும் கோலம் பார்க்க முடியல.' நான் எழுதினேன்: 'நன்றிம்மா. உங்க வாசல்ல இப்ப பைக் நிக்குது. நான் என் கோலத்தை முடிச்சுட்டு அந்தப் பக்கம் பார்க்கற பழக்கம் மட்டும் இன்னும் போகல.' அவர் கேட்டது வாழ்த்துக்குப் பதிலை அல்ல, தன்னை யாராவது நினைத்துக்கொள்கிறார்களா என்பதைத்தான்.

சிலர் 'ஹேப்பி பர்த்டே' என்று மட்டும்தான் போட்டிருப்பார்கள், ஆனால் நமக்கு முக்கியமானவர்கள். அவர்கள் வாழ்த்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அப்போது மேலே தள்ளி, கடைசியாக என்ன பேசினோம் என்று பார்க்கலாம். பழைய அலுவலகத் தோழி ஒருவரோடு கடைசியாகப் பேசியது ஏப்ரலில். எலுமிச்சை ஊறுகாய்க்கு அளவு கேட்டிருந்தேன், அவர் சொல்லியிருந்தார். அதனால் என் பதில்: 'தேங்க்ஸ் மேடம். உங்க ஊறுகாய் ஜாடியில பாதி காலி. உப்பு சரியா நின்னிருக்கு.' ஒரு வரி வாழ்த்துக்கு ஒரு வரி பதில்தான். ஆனால் வேறு யாருக்கும் அதை அனுப்ப முடியாது.

இதுதான் நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை. எழுதி முடித்ததும் 'இதை அப்படியே இன்னொருத்தருக்கு அனுப்பினால் பொருந்துமா?' என்று பார்ப்பேன். பொருந்தினால் அது ஒட்டுகிற நன்றி. நான் அப்போதுதான் புதிதாக எழுதியிருந்தாலும் சரி, அதில் அவர் இல்லை. 'உங்கள் வாழ்த்து என்னை நெகிழவைத்தது' யாருக்கும் பொருந்தும். ஊறுகாய் ஜாடி ஒருவருக்குத்தான் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. பதிலில் கேள்வி வைப்பதற்கு முன் யோசியுங்கள். 'எப்படி இருக்கீங்க, பசங்க என்ன பண்றாங்க?' என்று முடித்தால் அக்கறையாகத்தான் தெரியும். இருபது பேருக்கு அப்படி அனுப்பினால் மறுநாள் இருபது பதில் வரும். அதற்கு நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால், முதலில் கேட்ட அக்கறையே பொய்யாகிவிடும். நிஜமாகவே உட்கார்ந்து பேச நேரம் இருப்பவர்களிடம் மட்டும் கேளுங்கள். மற்றவர்களுக்கு முற்றுப்புள்ளியோடு முடிப்பதே மரியாதை.

யாருக்கு முதலில்?

ஒரு பதிலுக்கு இரண்டு, மூன்று நிமிடம் ஆகிறது. 26 பேருக்கு ஒரே இரவில் எழுதினால் கடைசி ஆட்களுக்கு மறுபடி 'மனமார்ந்த'தான் வரும். நான் மூன்று இரவுகளாகப் பிரித்துக்கொண்டேன். முதல் இரவு எட்டு பேர், அடுத்த இரண்டு இரவுகளில் ஒன்பது ஒன்பது பேர். முதல் இரவுக்கு யார் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். வாழ்த்தோடு நோய், இழப்பு, கஷ்டம் என்று ஏதாவது சொல்லியிருப்பவர்கள் முதலில். அவர்களுக்கு எழுதும்போது பிறந்தநாள் நன்றியைப் பின்னால் தள்ளிவிட்டு அவர்கள் விஷயத்தைத்தான் முதலில் பேச வேண்டும். முடிந்தால் எழுதாமல் போன் செய்வதே நல்லது. அடுத்து வயதானவர்கள். கண் சரியாகத் தெரியாத பெரியம்மாவுக்கு நான் எழுதவில்லை, இருபது விநாடி குரல் செய்தி அனுப்பினேன். அதை இரண்டு நாள் வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினாராம்.

மூன்றாம் நாள் போன பதிலுக்கு யாரும் 'லேட்' என்று சொல்லவில்லை. ஒட்டிய நன்றிதான் தாமதமாக வந்தால் பழசாகத் தெரியும். சொல்ல ஒரு விஷயம் இருக்கிற பதில் எப்போது வந்தாலும் கடிதம் மாதிரிதான்.

ஐந்நூறு, ஆயிரம் என்று வாழ்த்து வருகிறவர்களுக்கு இது முடியாது. அவர்கள் ஃபேஸ்புக்கில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நன்றி போட்டுவிட்டு, எழுதி அனுப்பியவர்களை மட்டும் தேடிப் பதில் சொன்னால் போதும். எல்லோருக்கும் பதில் போட்டேன் என்ற கணக்கை விட, எல்லாவற்றையும் படித்தேன் என்ற கணக்குதான் முக்கியம்.

என்னைப் போல ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களா? அதை அழிக்கப் பார்க்காதீர்கள். அழித்தாலும் செய்தி நீக்கப்பட்டது என்ற அடையாளம் அங்கேயே நிற்கும், என்ன எழுதி அழித்தாள் என்று வேறு நினைப்பார்கள். கீழே இன்னொரு செய்தி எழுதுங்கள். 'அன்னிக்கு அவசரத்துல எல்லாருக்கும் ஒரே பதில் போட்டுட்டேன். இப்பதான் நீ எழுதினதை முழுசாப் படிச்சேன்' என்று உண்மையைச் சொல்லிவிட்டால் பாதி சரியாகிவிடும்.

பாதிதான். என் தோழி இந்த வருடமும் வாழ்த்து அனுப்பினாள். 'ஹேப்பி பர்த்டே.' அவ்வளவுதான். 'டீ'கூட இல்லை. மேலே தள்ளினால் போன வருடத்து என் நன்றி நின்றது. ஒருவர் மனசைத் திறந்து எழுதியதற்கு ஒட்டுப் பதில் கொடுத்தால், அடுத்த வருடம் அவர் கேக் படம்தான் அனுப்புவார்.

முதல் இரவில் முதல் பதில் அவளுக்குத்தான் எழுதினேன். 'உங்கம்மா கேசரியில முந்திரி கம்மியா, திராட்சை நிறைய இருக்கும். டிபன் பாக்ஸ் மூடியில நெய் ஒட்டியிருக்கும், அதை நீ வழிச்சுத் தின்னுட்டுதான் பாக்ஸையே எங்கிட்ட குடுப்ப. இன்னிக்கு அதே மாதிரி கிண்டிப் பார்த்தேன்டீ. அந்த வாசனை வரல.'

நீல டிக் விழுந்தது. பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் போன் அடித்தது. எடுத்ததும் ஹலோகூட இல்லை.

"ஏலக்காய் போட்டியா? அம்மா ஏலக்காயே போட மாட்டாங்கடீ. பச்சைக் கற்பூரம், அதுவும் கடுகளவு" என்றாள்.